படத்தைப் பார்த்து ஹெல்மெட்டைத் தள்ளலாம், ஏற்க முடியாது
போலி ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர்கள் குறித்து ஒரு நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாடு

ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு படம், தாடைப் பட்டை ஒரு படம், உள்ளே தைத்த லேபிள் ஒரு படம். மூன்றையும் செல்போனில் அனுப்பிவிட்டு, "இது ஒரிஜினல்தானா? போட்டுக்கொண்டு போகலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் ஹெல்மெட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள். சிலருக்குத் தெருவோரக் கடையில் பேரம் பேசி வாங்கியதால் சந்தேகம். சிலருக்கு ஆன்லைனில் வந்த பெட்டியைத் திறந்ததும் ஸ்டிக்கரின் ஓரம் உரிந்து வந்ததால் சந்தேகம்.

இந்தக் கேள்விக்கு அமைப்பின் பதில் ஒன்றுதான். படங்களைப் பார்த்து "இந்த ஹெல்மெட் வேண்டாம்" என்று சொல்ல முடியும். அதற்கான காரணத்தையும் சொல்ல முடியும். "இந்த ஹெல்மெட் பாதுகாப்பானது" என்று எத்தனை படங்களைப் பார்த்தாலும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. கடைக்காரரோ, யூடியூப் விமர்சகரோ, விவரம் தெரிந்த நண்பரோ அப்படிச் சொன்னாலும் அதை நம்பித் தலையைக் கொடுக்க வேண்டாம்.

இரு சக்கர வாகன ஓட்டிகளின் ஹெல்மெட்டுக்கு இந்தியாவில் உள்ள தரம் IS 4151. மத்திய அரசு 2020 நவம்பரில் பிறப்பித்த தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இந்தத் தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ கூடாது. முத்திரை கட்டாயமானதும் முத்திரைக்கு ஒரு விலை வந்துவிட்டது. ஹெல்மெட்டைச் சோதித்துத் தேறவைப்பதற்குச் செலவு அதிகம். ஸ்டிக்கரை அச்சடிக்கச் செலவே இல்லை. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயமானபோது நடைபாதைகளில் ஹெல்மெட் குவியல்கள் முளைத்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். அபராதத்துக்குப் பயந்து வாங்குபவர் தேடுவது மலிவான ஹெல்மெட்டை. அதன் பின்பக்கத்தில் முத்திரையும் இருந்துவிட்டால் மேற்கொண்டு அவர் எதையும் கேட்பதில்லை.

முதலில் அந்த முத்திரையையே படிப்போம். முறையான ஐ.எஸ்.ஐ. முத்திரையில் மூன்று பகுதிகள் இருக்கும். நடுவில் எல்லோருக்கும் தெரிந்த சின்னம், அதன் மேலே தரத்தின் எண், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண். சின்னத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மேலே இருக்கும் எண் IS 4151 ஆக இருக்க வேண்டும். IS 2925 என்றிருந்தால் அது கட்டடம், தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்கான தொப்பி. அந்த முத்திரை அசலாகவே இருக்கலாம். ஆனால் மேலிருந்து விழும் பொருளிலிருந்து காப்பதற்காகச் செய்யப்பட்ட தொப்பி அது, வண்டியிலிருந்து விழும் தலைக்கு உரியதல்ல. கீழே உள்ள உரிம எண் 7 இலக்கமாகவோ, புதிய முறையில் 10 இலக்கமாகவோ இருக்கும். எண்ணே இல்லாத முத்திரை, இலக்கம் குறைந்த எண், CM/L என்ற இடத்தில் மறுபடியும் 4151 என்று அச்சிட்ட ஸ்டிக்கர் ஆகியவற்றைப் படத்திலேயே பார்த்துத் தள்ளிவிடலாம். அதற்கு மேல் ஆராயத் தேவையில்லை.

எண் சரியான வடிவில் இருந்தால்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் BIS Care செயலியில் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணைத் தட்டினால் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிமம் எதுவரை செல்லும், எந்தெந்த வகைகளுக்கும் பிராண்டுகளுக்கும் பொருந்தும், இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் வரும். எண் செயலியில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. போலி அச்சடிப்பவர் எண்ணைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. சந்தையில் நன்றாக ஓடும் ஒரு ஹெல்மெட்டை வாங்கி அதிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். அந்த எண்ணைத் தட்டினால் செயலி உரிமம் செல்லும் என்றுதான் காட்டும். ஆகவே பார்க்க வேண்டியது பொருத்தத்தை. செயலி காட்டும் தயாரிப்பாளர் பெயரும் உள்லேபிளில் இருக்கும் பெயரும் ஒன்றா? ஓட்டின் மேல் எழுதியிருக்கும் பிராண்டு அந்த உரிமத்தின் பட்டியலில் இருக்கிறதா? இந்த இரண்டில் ஒன்று பிசகினாலும் ஹெல்மெட்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேள்வி எழுப்ப வேண்டும்.

இன்னொரு சிக்கல் காலம். 2025 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட செய்திக்குறிப்பு இதை நன்றாகக் காட்டுகிறது. டெல்லியில் நடந்த சோதனைகளில் 9 தயாரிப்பாளர்களிடமிருந்து 2,500-க்கும் மேற்பட்ட ஹெல்மெட்டுகள் பறிமுதல் செய்யப்பட்டன. அந்தத் தயாரிப்பாளர்களின் உரிமங்கள் காலாவதியானவை அல்லது ரத்தானவை என்று அக்குறிப்பு சொல்கிறது. அதாவது அவர்கள் ஒரு காலத்தில் உரிமம் வைத்திருந்தவர்கள். இப்படிப்பட்டவர் ஒட்டும் ஸ்டிக்கரில் எண்ணும் சரியாக இருக்கும், அச்சும் சரியாக இருக்கும், பெயரும் பொருந்தும். ஒட்டும் உரிமை மட்டும் இருக்காது. எழுத்துரு, நிறம், ஒளிரும் பட்டை என்று நுணுக்கிப் பார்ப்பவர் இங்கே ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார். தயாரித்த மாதமும் ஆண்டும் உள்லேபிளில் இருந்தால் அதை உரிமம் முடிந்த நாளோடு ஒப்பிடுவதுதான் வழி.

இதில் மறுபக்க நியாயமும் உண்டு. இன்று ரத்தாகியிருக்கும் உரிமத்தின் கீழ் மூன்று ஆண்டுகளுக்கு முன் முறையாகத் தயாரான ஹெல்மெட் போலியாகிவிடாது. செயலியில் ரத்து என்று பார்த்தவுடன் கடைக்காரரின் பெயரைப் போட்டு ஊரெல்லாம் பரப்புவது அநியாயம். எந்த நாளில் உரிமம் முடிந்தது, எந்த மாதம் ஹெல்மெட் தயாரானது என்ற இரண்டும் தெரியாதவரை "சரிபார்க்க வேண்டியது" என்பதைத் தாண்டி இந்த அமைப்பு எதையும் சொல்லாது.

அச்சுத் தரத்தைப் பற்றியும் அமைப்புக்கு உறுதியான கருத்து இருக்கிறது. ஸ்டிக்கர் மங்கலாக இருக்கிறது, சற்றுச் சாய்வாக ஒட்டியிருக்கிறது, நிறம் வேறாக இருக்கிறது என்பவை மட்டும் போலிக்குச் சான்றல்ல. உரிமம் பெற்றவர்களின் ஹெல்மெட்டிலும் முத்திரை பெரும்பாலும் ஸ்டிக்கராகத்தான் இருக்கிறது. வெயிலில் கிடந்தால் அதுவும் உரியும். செல்போன் கேமரா நிறத்தை மாற்றிக் காட்டும். ஒரு ஸ்டிக்கரின் மேல் இன்னொன்று ஒட்டியிருப்பது, பின்பக்க எண்ணும் உள்லேபிளின் எண்ணும் வேறுபடுவது போன்றவைதான் எடை கொண்ட அறிகுறிகள்.

இனி முத்திரையை விட்டுவிட்டு ஹெல்மெட்டுக்குள் போவோம். அடிபடும்போது தலையைக் காப்பது வெளி ஓடு மட்டுமல்ல, ஓட்டுக்கு உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மாகோல் அடுக்கும்தான். தலை மோதும் கணத்தில் அந்த அடுக்கு நசுங்குகிறது. நசுங்கும் அந்தச் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் தலையின் வேகம் குறைகிறது. கன்னத்திலும் உச்சியிலும் மெத்தென்று படும் பஞ்சு சௌகரியத்துக்கு மட்டுமே. விரலால் அழுத்தினால் அமுங்கிவிடுகிற ஒன்று தார்ச்சாலையின் அடியைத் தாங்காது. மலிவு ஹெல்மெட்டுகள் சிலவற்றில் உச்சித் துணியைத் தூக்கிப் பார்த்தால் பஞ்சு இருக்கும், அடுத்தது நேராகப் பிளாஸ்டிக் ஓடு. நடுவில் தெர்மாகோலே இருக்காது. படத்தில் அது தெளிவாகத் தெரிந்தால், மேலே ஒட்டியிருக்கும் முத்திரை அசலாக இருந்தாலும் அந்த ஹெல்மெட்டைப் போடக் கூடாது.

தெர்மாகோல் தெரிகிறது என்றால்? அங்கேதான் படத்தின் எல்லை வந்துவிடுகிறது. விளிம்பில் தெரியும் தடிமன் உச்சியில் இருக்கும் தடிமனல்ல. பல ஹெல்மெட்டுகளில் விளிம்பை நோக்கி அடுக்கு மெலிந்துகொண்டே வரும். தடிமன் போதுமானதாகவே இருந்தாலும் அதன் அடர்த்தி என்ன என்பது கண்ணுக்குத் தெரியாது. டிவி பெட்டியில் வைத்து வரும் தெர்மாகோலும் ஹெல்மெட்டுக்கென்று வார்த்த தெர்மாகோலும் படத்தில் ஒரே வெள்ளை. ரொம்ப இளகியது சீக்கிரமே முழுக்க நசுங்கிவிடும், ரொம்பக் கெட்டியானது நசுங்காமல் அடியைத் தலைக்கு அனுப்பிவிடும். ஆய்வகத்தில் உலோகத் தலைவடிவத்தின் மேல் ஹெல்மெட்டை மாட்டி, குறிப்பிட்ட வேகத்தில் பட்டடையின் மேல் விழவிட்டு, உள்ளே உள்ள கருவி காட்டும் அதிர்வை அளப்பது இதற்காகத்தான். அப்படிச் சோதித்த ஹெல்மெட் பிறகு பயன்படாது. சோதித்தது உங்கள் கையில் இருப்பதை அல்ல, அதே தயாரிப்புத் தொகுதியில் ஒன்றை. ஆகவே முத்திரை என்பது அந்தத் தொகுதி முழுவதற்கும் தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்கு. அதைப் போலி செய்பவர் வாங்குபவருக்கு இருக்கும் ஒரே ஆதாரத்தைத் திருடுகிறார்.

தாடைப் பட்டை கொஞ்சம் கூடுதலாகப் பேசும். பட்டை ஓட்டோடு சேரும் இடத்தில் இருக்கும் ரிவெட்டை உள்ளும் வெளியும் படமெடுத்தால், அது ஓட்டைப் பிடித்திருக்கிறதா, அல்லது உள்துணியையோ விளிம்பு ரப்பரையோ மட்டும் பிடித்திருக்கிறதா என்பது தெரியும். பிந்தையது என்றால் தள்ளிவிடலாம். ரிவெட்டைச் சுற்றி ஓட்டில் மயிரிழை வெடிப்பு ஓடினாலும் அப்படியே. பக்கிளுக்குள் திரும்பி வரும் பட்டை முனையில் ஒற்றைத் தையல் மட்டும் ஓடி, நூல் பிரிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பட்டை நன்றாக இருந்துவிட்டால் ஹெல்மெட் நல்லது என்று ஆகிவிடாது. அடிபட்ட கணத்தில் அது தலையிலேயே நிற்கும் என்பதற்கான வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே.

ஒரு மாதிரியை எடுத்து முழுதாகப் பார்க்கலாம். முகம் மூடிய கறுப்பு ஹெல்மெட். பின்பக்கம் முத்திரை, மேலே IS 4151, கீழே 7 இலக்க எண். செயலியில் எண் இருக்கிறது, உரிமமும் செல்லுபடியில் இருக்கிறது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டின் நெற்றியில் இருக்கும் பிராண்டு, உரிமத்தின் பிராண்டுப் பட்டியலில் இல்லை. உள்லேபிளில் அளவு மட்டும் இருக்கிறது. தயாரிப்பாளர் பெயரும் இல்லை, மாதமும் ஆண்டும் இல்லை. அதே பின்பக்கத்தில் அமெரிக்காவின் டி.ஓ.டி. ஸ்டிக்கரும் ஒன்று ஒட்டியிருக்கிறது. தெர்மாகோல் விளிம்பில் தெரிகிறது, பட்டையின் ரிவெட் ஓட்டைப் பிடித்திருக்கிறது.

இதற்கு அமைப்பு எழுதிக் கொடுக்கும் தீர்ப்பு இப்படி இருக்கும்: பிராண்டு பொருந்தவில்லை, தயாரிப்பு விவரம் இல்லை, முத்திரை இந்த ஹெல்மெட்டுக்கு உரியதா என்று அமைவனத்திடம் கேட்கப்பட வேண்டும், பதில் வரும்வரை அணிய வேண்டாம். "போலி" என்ற சொல்லை அதில் எழுதுவதில்லை. உரிமம் வைத்திருப்பவர் புதிய பிராண்டைச் சேர்த்துச் செயலியில் இன்னும் ஏறாமல் இருக்கலாம். அதைத் தீர்க்க வேண்டியது அமைவனம். கட்டமைப்பில் தெரிந்த நல்ல அம்சங்களும் தீர்ப்பை மாற்றுவதில்லை. தெர்மாகோல் இருக்கிறது என்பது அது போதுமானது என்பதற்குச் சான்றல்ல.

அந்த டி.ஓ.டி. ஸ்டிக்கர் தனியாகப் பேசத் தக்கது. அமெரிக்காவில் அரசு எந்த ஹெல்மெட்டுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் தருவதில்லை. தயாரிப்பாளர் தானே சோதித்துத் தானே சான்று ஒட்டிக்கொள்கிறார், அரசு பிறகு சந்தையிலிருந்து எடுத்துச் சோதிக்கிறது. இதனால் அங்கே அழகுக்கு மாட்டும் மெல்லிய ஹெல்மெட்டுகளும், தனியே விற்கும் டி.ஓ.டி. ஸ்டிக்கர்களும் பெரும் தொல்லையாயின. 2013 மே 13-க்குப் பிறகு தயாராகும் ஹெல்மெட்டுகளின் ஸ்டிக்கரில் அந்த மூன்று எழுத்துகள் மட்டும் போதாது; தயாரிப்பாளர் அல்லது பிராண்டு, மாடல், தரத்தின் எண், சான்றளித்ததைக் குறிக்கும் சொல் எல்லாமே இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அத்தோடு நிற்காமல், ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள், எடையையும் உள்ளடுக்கின் தடிமனையும் பாருங்கள் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஓட்டிகளுக்குச் சொல்கிறது. நம் ஊர்க் கடையில் ஒரு ஹெல்மெட்டில் மூன்று எழுத்து மட்டும் இருக்கும் டி.ஓ.டி. ஸ்டிக்கர் இருந்தால் அது அமெரிக்காவின் இன்றைய விதிக்கே பொருந்தாதது. சரியான ஸ்டிக்கராக இருந்தாலும், இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு அது மாற்றாகாது.

இவ்வளவு வேலையும் வாங்குபவர் தலையிலேயே விழுவது முறையல்ல. அமைப்பு இங்கே அரசிடம் கேட்பவை கடினமானவை அல்ல. உரிமம் எந்த நாளில் ரத்தானது என்பதைச் செயலி தேதியோடு காட்ட வேண்டும். இன்றைய நிலை மட்டும் போதாது. உரிமத்தின் கீழ் வரும் ஒவ்வொரு மாடலின் பெயரும், பின்பக்கமும் உள்லேபிளும் தெரியும் படமும் அங்கேயே இருக்க வேண்டும். அப்படி இருந்தால், எண்ணைத் திருடியவர் மாடலையும் திருட வேண்டியிருக்கும்.

ஆன்லைன் விற்பனைத் தளங்களில் ஹெல்மெட்டின் பளபளக்கும் முன்பக்கத்தைப் பத்துக் கோணங்களில் காட்டுகிறார்கள், முத்திரையைத் தேடினாலும் கிடைப்பதில்லை. முத்திரை, உள்லேபிள், பட்டை சேரும் இடம் ஆகிய மூன்றின் படமும் உரிம எண்ணும் இல்லாமல் எந்த ஹெல்மெட்டையும் விற்பனைக்கு ஏற்றக் கூடாது என்பது அமைப்பின் கோரிக்கை. தெருவோர வியாபாரியைத் துரத்துவதில் இருக்கும் வேகம், அவருக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியிடமும் காட்டப்பட வேண்டும். இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டம் 2016 இதற்குப் போதிய பலம் தருகிறது: முத்திரை கட்டாயமான பொருளை அது இல்லாமல் தயாரித்தாலோ விற்றாலோ 2 ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறைக்குக் குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடியும் செய்தால் அபராதம் 5 லட்சத்துக்குக் குறையாது.

போக்குவரத்துக் காவலர்கள் சாலையில் நிறுத்தி, முத்திரையைப் பார்த்து அந்த இடத்திலேயே போலி என்று முடிவு கட்டி ஹெல்மெட்டைப் பறித்துக்கொள்வதை அமைப்பு ஆதரிக்கவில்லை. ஏமாற்றப்பட்டவர் அந்த ஓட்டி. அவரை வெறுந்தலையோடு வீட்டுக்கு அனுப்புவது இன்னும் பெரிய ஆபத்து. எங்கே வாங்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போவதே சரியான வழி.

படம் அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள். முத்திரையை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் எந்த ஹெல்மெட்டினுடையது என்று யாருக்கும் தெரியாது. முதலில் ஓட்டின் முழு வடிவமும் முத்திரையும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள், பிறகு நெருங்கிப் போங்கள். உச்சித் துணியை விலக்கி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துத் தெர்மாகோலை எடுங்கள். பட்டை சேரும் இடத்தை இரு பக்கமும், உள்ளும் வெளியும் எடுங்கள். உள்லேபிளில் எழுத்து ஒன்றும் மறையாமல் இருக்கட்டும். பில் இருந்தால் அதையும் சேருங்கள். சந்தேகம் உறுதியானால் ஹெல்மெட்டைக் குப்பையில் போடவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ வேண்டாம், அதுதான் சான்று. BIS Care செயலியின் புகார் பகுதியிலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லோ புகார் செய்யுங்கள். அதுவரைக்கும் பெயரும், எண்ணும், தயாரித்த மாதமும் பொருந்துகிற வேறொரு ஹெல்மெட்டை அணிந்து வண்டியை எடுங்கள்.